ஒரு கைக்கடிகாரத்தில் எத்தனை நிலைகள்?

நான்கு பொத்தான்கள் உள்ள சாதாரண டிஜிட்டல் கைக்கடிகாரத்தில் ஒரே பொத்தான் பல வேலைகளைச் செய்கிறது. ஸ்டாப்வாட்ச் தெரியும்போது 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினால் ஓட்டம் தொடங்கும். அலாரம் தெரியும்போது அதே பொத்தான் அலாரத்தை ஆன் செய்யும் அல்லது ஆஃப் செய்யும். நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் மின்னிக்கொண்டிருக்கும் எண் ஒன்று கூடும். பொத்தானுக்கு இதெல்லாம் தெரியாது. அழுத்தப்பட்டதா இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த அழுத்தத்துக்கு என்ன பொருள் என்பதைக் கடிகாரம் அப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது.

இப்படிப்பட்ட கருவிகளின் போக்கை எழுதிவைக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் முறைக்கு நிலைப்பொறி என்று பெயர். கருவி இருக்கக்கூடிய நிலைகளைத் தாளில் வட்டங்களாக வரைவார்கள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எந்த நிகழ்வு கொண்டுபோகிறது என்பதை அம்புக்குறியால் காட்டுவார்கள். பொத்தான் அழுத்தம், நேரம் முடிதல், பேட்டரி தீர்தல் எல்லாம் நிகழ்வுகளே. கருவி எப்போதும் ஒரே ஒரு வட்டத்தில் இருக்கும். நிகழ்வு வந்ததும் உரிய அம்பைப் பிடித்து அடுத்த வட்டத்துக்குப் போகும். ஜார்ஜ் மீலி 1955-லும் எட்வர்ட் மூர் 1956-லும் வெளியிட்ட கட்டுரைகள் இந்த முறைக்கு அடித்தளம் போட்டன. தொலைபேசி இணைப்பகங்களுக்கும் சிறிய மின்சுற்றுகளுக்கும் இது அருமையாகப் பொருந்தியது. கருவியின் வசதிகள் பெருகத் தொடங்கியதும் சிக்கல் வெளிப்பட்டது. வட்டங்களும் அம்புகளும் வசதிகளோடு சேர்ந்து மெல்ல வளர்வதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகின்றன.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கடிகாரத்தை எடுத்து எண்ணிப் பார்த்தால் புரியும். நான்கு பொத்தான்களுக்கு மோட், செட், ஸ்டார்ட், லைட் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மோட் பொத்தானை அழுத்த அழுத்த நேரம், தேதி, அலாரம், ஸ்டாப்வாட்ச் என்ற நான்கு பார்வைகள் சுற்றிச் சுற்றி வரும். நேரம் தெரியும்போது செட் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் திருத்தம் தொடங்கும். முதலில் விநாடி மின்னும். மோட் பொத்தானை அழுத்தினால் நிமிடம், மணி, நாள், மாதம் என்று மின்னும் இடம் நகரும். அலாரம் தெரியும்போது செட் பொத்தானைப் பிடித்தால் அலாரத்தின் மணியையும் நிமிடத்தையும் திருத்தலாம். இரண்டு திருத்தங்களிலும் செட் பொத்தானை மறுபடி ஒருமுறை தட்டினால் புறப்பட்ட பார்வைக்கே திரும்பிவிடலாம்.

இதுவரை நான்கு பார்வைகள், நேரத் திருத்தத்தில் ஐந்து நிலைகள், அலாரத் திருத்தத்தில் இரண்டு. மொத்தம் 11. ஒரு தாளில் சிரமமில்லாமல் வரைந்துவிடலாம்.

இனி ஒரு வசதி சேர்கிறது. இரண்டு நிமிடம் எந்தப் பொத்தானும் அழுத்தப்படாவிட்டால் கடிகாரம் தானாக நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்டாப்வாட்ச் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் ஓட்டத்தை அளப்பவர் பத்து நிமிடம்கூடப் பொத்தானைத் தொடாமல் இருப்பார். ஆக தேதி, அலாரம், ஏழு திருத்த நிலைகள் என்று ஒன்பது வட்டங்களிலிருந்தும் நேரத்துக்கு ஒன்பது அம்புகள் வரைய வேண்டும். ஒன்பதும் சொல்வது ஒரே சங்கதிதான். அதில் ஒன்றை வரைய மறந்தால், அந்த நிலையில் மாட்டிய கடிகாரம் விடியும்வரை மின்னிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அலாரம் அடிப்பது. குறித்த நேரம் வந்ததும் கடிகாரம் எந்த நிலையில் இருந்தாலும் பீப் ஒலி எழுப்ப வேண்டும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினாலோ 30 விநாடி கழிந்தாலோ ஒலி நின்று, குறுக்கீடு வந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயே கடிகாரம் திரும்ப வேண்டும். பார்த்தால் சின்ன வசதிதான். ஆனால் பழைய முறையில் நிலை எண்ணிக்கையை இது ஒரேயடியாக இரட்டிப்பாக்குகிறது. நிலைப்பொறிக்குத் தான் இப்போது இருக்கும் வட்டத்தைத் தவிர வேறு எந்த நினைவும் கிடையாது. 'பீப்' என்று ஒரே ஒரு வட்டம் வரைந்தால், ஒலி நின்றதும் எங்கே திரும்புவது என்று அதற்குத் தெரியாது. ஆகவே 'நேரம் தெரிந்தபோது வந்த பீப்', 'நிமிடத்தைத் திருத்தும்போது வந்த பீப்' என்று பதினொரு பீப் வட்டங்கள் வேண்டும். நிலைகள் 22 ஆகிவிடும். பீப்புக்குள் போக 11 அம்புகள், வெளியே வர வட்டத்துக்கு இரண்டாக 22 அம்புகள். ஒரே ஒரு ஒலிக்கு 33 அம்புகள்.

கைக்கடிகாரத்துக்கே இந்தப் பாடு என்றால் போர் விமானத்தின் நிலை எப்படி இருக்கும்? 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் விமானத் தொழிற்சாலை 'லாவி' என்ற போர் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் மின்னணுக் கருவிகளின் போக்கை எழுதிவைக்க ஆலோசனை சொல்ல, வைஸ்மன் அறிவியல் நிலையத்தின் கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல் அழைக்கப்பட்டார். ராடார், ஆயுதம், விமானியின் திரைகள் என்று ஒவ்வொன்றிலும் வல்லுநர்கள் இருந்தார்கள். தங்கள் பகுதி எப்படி இயங்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இன்ன மோடில் இன்ன பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, தடித்த ஆவணங்களிலிருந்து ஐயமற்ற ஒரு விடையைப் பெறுவது பெரும்பாடாக இருந்தது. அவர்களோடு உட்கார்ந்து பேசியபடியே ஹாரெல் வரையத் தொடங்கிய படங்கள்தான் 1983 வாக்கில் ஸ்டேட்சார்ட் என்ற முறையாக உருப்பெற்றன. லாவி 1986 டிசம்பர் 31 அன்று முதன்முறையாகப் பறந்தது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டத்தை இஸ்ரேல் அரசு கைவிட்டது. விமானத்துக்காகப் பிறந்த வரைமுறை விமானத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது. ஹாரெலின் புகழ்பெற்ற கட்டுரை 1987-இல் வெளியானது. அதில் எடுத்துக்காட்டாக அவர் விளக்கியது விமானத்தை அல்ல, சிட்டிசன் நிறுவனத்தின் பல அலாரங்கள் கொண்ட ஒரு கைக்கடிகாரத்தை. நான்கு பொத்தான், இரண்டு அலாரம், மணிக்கொருமுறை ஒலி, ஸ்டாப்வாட்ச் எல்லாம் உள்ள கடிகாரம் அது. இங்கே எண்ணிக்கொண்டிருப்பது அதே வகைக் கடிகாரத்தின் எளிய வடிவம்.

ஹாரெல் செய்த முதல் மாற்றம், ஒரு நிலைக்குள் இன்னொரு நிலை இருக்கலாம் என்று அனுமதித்தது. பொதுவான போக்கு உள்ள நிலைகளைச் சுற்றி ஒரு பெரிய கட்டம் போடலாம். அந்தக் கட்டமும் ஒரு நிலைதான், அதைத் தாய்நிலை எனலாம். உள்ளே இருப்பவை சேய்நிலைகள். கடிகாரம் 'நிமிடம்' என்ற சேய்நிலையில் இருக்கிறது என்றால், அதே நேரத்தில் அதைச் சுற்றியுள்ள 'நேரத் திருத்தம்' என்ற தாய்நிலையிலும் இருக்கிறது. அதையும் சுற்றியுள்ள 'திருத்தம்' என்ற நிலையிலும், அதற்கும் வெளியே 'காட்சி' என்ற நிலையிலும் இருக்கிறது. நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே சமயத்தில் உண்மை.

இதனால் கிடைக்கும் லாபம், அம்பைத் தாய்நிலையின் விளிம்பிலிருந்தே வரையலாம் என்பதுதான். 'காட்சி' என்ற கட்டத்திலிருந்து 'இரண்டு நிமிடம் கழிந்தால் நேரத்துக்குப் போ' என்று ஒரே அம்பு வரைந்தால், உள்ளே உள்ள பதினொன்றுக்கும் அது பொருந்தும். நிகழ்வு வந்ததும் முதலில் ஆக உள்ளே இருக்கும் நிலையிடம் இதற்கு உன்னிடம் அம்பு உண்டா என்று நிரல் கேட்கும். இல்லையென்றால் அதன் தாயிடம் கேட்கும், பிறகு தாயின் தாயிடம். இப்படி உள்ளிருந்து வெளியே போகும்போது முதலில் எங்கே அம்பு கிடைக்கிறதோ அது செல்லும். விதிவிலக்கு வைப்பதும் இதனாலேயே எளிதாகிறது. 'ஸ்டாப்வாட்ச்' என்ற சேய்நிலைக்குள் 'இரண்டு நிமிடம் கழிந்தால் அப்படியே இரு' என்று எழுதிவிட்டால், வெளியே உள்ள பொது விதி அதைத் தொடாது. ஒன்பது அம்புகள் ஒரு பொது விதியாகவும் ஒரு விலக்காகவும் சுருங்கிவிட்டன. நேரத்தில் இருக்கும்போது அந்த அம்பு நேரத்துக்கே திரும்பும், திரையில் மாற்றம் எதுவும் தெரியாது. செட் பொத்தானைத் தட்டித் திருத்தத்திலிருந்து வெளியேறும் ஏழு அம்புகளும் இதே வழியில் இரண்டாகின்றன. 'நேரத் திருத்தம்' என்ற கட்டத்திலிருந்து நேரத்துக்கு ஒன்று, 'அலாரத் திருத்தம்' என்ற கட்டத்திலிருந்து அலாரத்துக்கு ஒன்று.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. கட்டம் போட்டதால் மட்டும் நிலைகள் குறைந்துவிடவில்லை. உள்ளே பார்த்தால் அதே பதினொன்றுதான். சொல்லப்போனால் தாய்நிலைகள் புதிதாகச் சேர்ந்ததால் தாளில் பெட்டிகள் கூடியிருக்கின்றன. குறைந்தவை அம்புகள் மட்டுமே. நிலைகள் குறைவது, கட்டத்தோடு வரும் வேறு இரண்டு வசதிகளால்.

ஒன்று நினைவுக்குறி. ஒரு தாய்நிலையை விட்டு வெளியேறும்போது உள்ளே கடைசியாக எந்தச் சேய்நிலையில் இருந்தோம் என்பதை அந்தத் தாய்நிலையே குறித்துவைத்துக்கொள்ளும். திரும்பி வரும் அம்பை இந்தக் குறியை நோக்கி வரைந்தால், கடிகாரம் விட்ட இடத்துக்கே போய்ச் சேரும். அலாரக் குறுக்கீட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 'காட்சி' கட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு பீப் வட்டம் போதும். 'காட்சி'யின் விளிம்பிலிருந்து பீப்புக்கு ஓர் அம்பு. பீப்பிலிருந்து 'காட்சி'யின் நினைவுக்குறிக்கு, பொத்தான் அழுத்தத்துக்கு ஒன்று, 30 விநாடி முடிவுக்கு ஒன்று என்று இரண்டு அம்புகள். 22 நிலைகள் 12 ஆகவும் 33 அம்புகள் மூன்றாகவும் குறைந்துவிடுகின்றன. எங்கே திரும்புவது என்ற தகவல் மாயமாகிவிடவில்லை. பதினொரு வட்டங்களாகச் சிதறிக் கிடந்தது இப்போது கருவியின் நினைவகத்தில் ஒரே இடத்தில் ஒரு குறிப்பாக உட்கார்ந்திருக்கிறது. கட்டம் இருந்ததால்தான் அந்தக் குறிப்பை வைக்க இடம் கிடைத்தது. தட்டையான படத்தில் எதன் நினைவு என்று சொல்லவே வழியில்லை.

நினைவுக்குறியில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரும் கோளாறு கண்ணுக்குச் சட்டென்று படாது. மேலோட்டமான குறி ஒரே ஒரு அடுக்கை மட்டும் நினைவில் வைக்கும். ஆழமான குறி கடைசி அடுக்குவரை வைக்கும். ஒருவர் நேரத் திருத்தத்தில் நிமிடத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கிறது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்துகிறார். ஆழமான குறி என்றால் நிமிடமே மறுபடி மின்னும். மேலோட்டமான குறி என்றால் கடிகாரத்துக்கு 'திருத்தம்' என்ற அடுக்கு மட்டும் நினைவிருக்கும். அதற்குள் எங்கே என்பது மறந்துபோகும். ஒவ்வொரு தாய்நிலைக்கும் உள்ளே நுழைந்ததும் எங்கே தொடங்குவது என்று ஒரு தொடக்க நிலை குறிக்கப்பட்டிருக்கும். 'திருத்தம்' நேரத் திருத்தத்தில் தொடங்கும், அது விநாடியில் தொடங்கும். ஆக மின்னுவது விநாடி. பல கடிகாரங்களில் விநாடி மின்னும்போது ஸ்டார்ட் அழுத்தினால் விநாடி பூஜ்யமாகிவிடும். நிமிடம் கூடும் என்று நினைத்து அழுத்தியவரின் விநாடிக் கணக்கு அழிந்துபோகும். அலாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தவர் பாடு இன்னும் மோசம். அலாரத்தை விட்டு நேரத் திருத்தத்தில் போய் விழுந்திருப்பார். வரைபடத்தில் இரண்டு குறிகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நட்சத்திரப் புள்ளிதான். ஒவ்வொரு திருத்த நிலையிலும் அலாரத்தை வேண்டுமென்றே அடிக்கவிட்டு, எங்கே திரும்புகிறது என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்க வழி.

கட்டத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நிலைக்குள் நுழையும்போது செய்ய வேண்டியதையும் வெளியேறும்போது செய்ய வேண்டியதையும் அந்த நிலையிலேயே எழுதிவைக்கலாம். 'திருத்தம்' என்ற கட்டத்தில் நுழையும்போது மின்னலைத் தொடங்கு, வெளியேறும்போது நிறுத்து என்று எழுதிவிட்டால் போதும். செட் பொத்தானைத் தட்டி வெளியேறினாலும், இரண்டு நிமிடம் கழிந்து வெளியேறினாலும், அலாரம் அடித்து வெளியேறினாலும் மின்னல் தவறாமல் நிற்கும். தட்டையான படத்தில் இதை ஒவ்வொரு அம்பிலும் எழுத வேண்டியிருக்கும். பீப் அடிக்கும்போது எண் மின்னிக்கொண்டே இருக்கும் கடிகாரம் கையில் கிடைத்தால், ஓர் அம்பில் இந்த வரி விடுபட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். வெளியேறும்போது உள்ளிருந்து வெளியே, நுழையும்போது வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் இந்த வேலைகள் நடக்கும். நிமிடத்திலிருந்து மணிக்கு நகரும்போது 'நேரத் திருத்தம்' இரண்டுக்கும் பொதுவான தாய் என்பதால் அதை விட்டு வெளியேறுவதே இல்லை. மின்னலும் தடைபடாமல் தொடரும், மின்னும் இடம் மட்டும் மாறும்.

நிலைகளைக் குறைக்கும் இரண்டாவது வசதி, ஒரு கட்டத்தைப் புள்ளிக்கோடு போட்டுப் பக்கவாட்டில் பிரிப்பது. இதுவரை பார்த்த கட்டங்களில் கருவி உள்ளே உள்ள நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும். பிரிக்கப்பட்ட கட்டத்தில் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு நிலையாக எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் இருக்கும். எண்ணிக்கை உண்மையில் சரிவது இங்கேதான். கடிகாரத்தில் திரையோடு தொடர்பில்லாமல் தம் போக்கில் நடப்பவை சில உண்டு. விளக்கு எரிகிறது அல்லது எரியவில்லை. அலாரம் ஆன் அல்லது ஆஃப். மணிக்கொருமுறை அடிக்கும் ஒலி ஆன் அல்லது ஆஃப். ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்தில் இருக்கிறது, ஓடுகிறது அல்லது நின்றிருக்கிறது. ஸ்டாப்வாட்ச் ஓடும்போதே மோட் பொத்தானை அழுத்தி நேரத்தைப் பார்க்கலாம் என்பதால், ஓடுவதையும் தெரிவதையும் ஒரே நிலையாக வைக்க முடியாது.

தட்டையான படத்தில் இவை எல்லாம் ஒன்றோடொன்று பெருகும். பீப்போடு சேர்த்து 22 நிலைகள், அதை விளக்குக்கு 2, அலாரத்துக்கு 2, மணியொலிக்கு 2, ஸ்டாப்வாட்சுக்கு 3 என்று பெருக்கினால் 528. அலாரம் ஆஃப் ஆக இருக்கும்போது பீப் அடிக்காது என்பதால் நடக்க முடியாத 132 சேர்க்கைகளைக் கழித்துவிடலாம். அப்போதும் 396 வட்டங்கள் மிஞ்சும். பக்கவாட்டில் ஐந்து பகுதிகளாகப் பிரித்த படத்திலோ 12, 2, 2, 2, 3 என்று கூட்டினால் 21 நிலைகள்தான். நான்கு வேட்டியும் ஐந்து சட்டையும் வைத்திருப்பவர் இருபது விதமாக உடுத்தலாம். அதற்காக யாரும் இருபது ஜோடி தைத்து வைப்பதில்லை. தட்டையான நிலைப்படம் இருபது ஜோடியையும் தைத்து வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

396 சேர்க்கைகளும் இல்லாமல் போய்விட்டன என்று இதற்குப் பொருள் அல்ல. கடிகாரம் ஓடும்போது அவை எல்லாம் நேரத்தான் செய்யும். யாரும் அவற்றை உட்கார்ந்து வரைய வேண்டியதில்லை என்பதே லாபம். ஆனால் சோதிப்பவரின் வேலை அதே அளவுக்குக் குறைந்துவிடாது. பகுதிகள் ஒன்றையொன்று உண்மையிலேயே தொடவில்லை என்றால் தனித்தனியாகச் சோதித்தால் போதும். தொட்டால், தொடும் இடங்களைச் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

தொடாமலும் இருப்பதில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் பகுதி அசைய வேண்டும், ஆனால் திரையில் ஸ்டாப்வாட்ச் தெரியும்போது மட்டும். ஆகவே அந்த அம்பில் 'காட்சி ஸ்டாப்வாட்சில் இருந்தால்' என்று ஒரு நிபந்தனை எழுதுவார்கள். அலாரத்தை ஆன், ஆஃப் செய்யும் அம்பிலும் இதுபோல ஒன்று வரும். ஒன்றிரண்டு நிபந்தனைகளில் தவறில்லை. எல்லா அம்புகளிலும் அடுத்த பகுதியை எட்டிப் பார்க்கும் நிபந்தனை வரத் தொடங்கினால், அந்தப் பகுதிகள் சுதந்திரமானவை அல்ல, தவறான இடத்தில் பிரித்துவிட்டோம் என்று பொருள்.

இன்னொரு பொறி நிகழ்வுகள் பரவும் விதத்தில் இருக்கிறது. பிரிக்கப்பட்ட கட்டத்தில் ஒரு நிகழ்வு எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும். பீப் அடிக்கும்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் பீப் நிற்கும். அப்போது கடிகாரம் 'காட்சி' கட்டத்துக்குள் இல்லை என்பதால் அந்த அழுத்தம் எண்ணைக் கூட்டாது, ஸ்டாப்வாட்சையும் ஓட்டாது. ஆனால் லைட் பொத்தானை அழுத்தினால் பீப்பும் நிற்கும், விளக்கும் எரியும். விளக்கு தனிப் பகுதி என்பதால் அதற்கும் அதே அழுத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இருட்டில் அலாரத்தை நிறுத்துபவருக்கு இது வசதியாகவே இருக்கலாம். அலாரத்தை நிறுத்தும் அழுத்தம் வேறெதையும் செய்யக் கூடாது என்பது விதியானால், பீப் அடிக்காதபோது மட்டும் எரியச் சொல்லி விளக்கின் அம்பில் நிபந்தனை வைக்க வேண்டும். எது சரி என்பதைப் படம் சொல்லாது. கேள்வி இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்.

பேட்டரியைக் கழற்றுவதுதான் ஆக வெளியே உள்ள கட்டம். ஐந்து பகுதிகளும் 'இயங்குகிறது' என்ற ஒரே தாய்நிலைக்குள் அடங்கும். அதன் விளிம்பிலிருந்து 'பேட்டரி இல்லை' என்ற நிலைக்கு ஓர் அம்பு. தட்டையான படத்தில் இதற்கு மட்டும் 396 அம்புகள் வேண்டியிருக்கும். புதுப் பேட்டரி போட்டதும் திரும்பும் அம்பை நினைவுக்குறிக்கு வரையக் கூடாது. பேட்டரி போனபோது நினைவகமும் அழிந்துவிட்டதால் அங்கே நம்பத்தகுந்த குறிப்பு எதுவும் இருக்காது. ஒவ்வொரு பகுதியும் தன் தொடக்க நிலையிலிருந்தே புறப்பட வேண்டும்.

எதையெல்லாம் கட்டம் போட்டு அடைப்பது என்பதில் புதியவர்கள் பெரும்பாலும் திரையின் சாயலைப் பார்த்து ஏமாறுகிறார்கள். தேதியும் நேரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன என்று ஒரே கட்டத்துக்குள் போட்டால் பயன் ஒன்றுமில்லை. ஒரே நிகழ்வுக்கு ஒரேபோல நடந்துகொள்ளும் நிலைகளைத்தான் சேர்க்க வேண்டும். விளிம்பிலிருந்து ஓர் அம்பும் கிளம்பாத, நுழைவு வேலையோ வெளியேறும் வேலையோ நினைவுக்குறியோ இல்லாத தாய்நிலை வெறும் சுமை, அதை அழித்துவிடலாம். மாறாக, ஒரு தாய்நிலையின் பொது விதியைப் பெரும்பாலான சேய்நிலைகள் விலக்கிக்கொண்டே இருந்தால் அந்த விதி இருக்கும் இடம் தவறு. அடுக்குகள் ஆழமாகப் போகப் போக, ஓர் அழுத்தத்துக்கு எந்த அடுக்கு விடை சொல்கிறது என்று கண்டுபிடிக்கவே படத்தை மேலும் கீழும் தேட வேண்டிவரும். மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் போகும் படத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

ஸ்டேட்சார்ட் முறை 1990-களில் யுஎம்எல் என்ற மென்பொருள் வரைபடத் தரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. வாகன மின்னணுவியலில் புழங்கும் ஸ்டேட்ஃப்ளோ என்ற கருவியும் இந்த வழியில் வந்ததே. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015-இல் இதற்கென்று ஒரு எழுத்துவடிவத்தைத் தரமாக வெளியிட்டது. ஆனால் படம் ஒன்றாக இருந்தும் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உள்ளே உள்ள அம்பும் வெளியே உள்ள அம்பும் ஒரே நிகழ்வுக்குப் போட்டியிட்டால், யுஎம்எல் உள்ளே உள்ளதற்கு முன்னுரிமை தருகிறது. மேலே ஸ்டாப்வாட்சுக்கு விலக்கு வைத்தது அந்த விதியை நம்பித்தான். ஹாரெலும் அவர் கூட்டாளிகளும் முதலில் உருவாக்கிய ஸ்டேட்மேட் என்ற கருவியிலோ வெளியே உள்ள அம்புக்கே முன்னுரிமை. அதே படத்தை அங்கே ஓட்டினால் ஸ்டாப்வாட்சின் விலக்கு செல்லாது, இரண்டு நிமிடம் கழிந்ததும் திரை நேரத்துக்குத் தாவிவிடும். ஆகவே பிறர் வரைந்த நிலைப்படத்தை நிரலாக்கப் புகுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தக் கருவியின் விதிப்படி வரையப்பட்டது என்பதே.